காய்ச்சல் விட்டது, மலேரியா விடவில்லை

சென்னையில் ஒருவருக்கு மலேரியா என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியானால், பெரும்பாலும் அது வைவாக்ஸ் வகையாகத்தான் இருக்கும். அவர் கையில் இரண்டு விதமான மாத்திரைகள் கொடுக்கப்படும். ஒன்று குளோரோகுயின், மூன்றே நாளில் முடிந்துவிடும். இன்னொன்று பிரைமாகுயின், பதினான்கு நாள் சாப்பிட வேண்டும். முதல் மாத்திரை முடியும்போதே காய்ச்சல் இறங்கி, பசி திரும்பி, ஆள் வேலைக்குக் கிளம்பிவிடுவார். இரண்டாவது அட்டையில் பாதி மாத்திரை அப்படியே கிடக்கும். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து அதே குளிர், அதே நடுக்கம், அதே காய்ச்சல். "மருந்து சரியில்லை" என்பார் ஒருவர். "மறுபடி கொசு கடித்திருக்கும்" என்பார் இன்னொருவர். பல சமயம் இரண்டுமே இல்லை. புதிதாக ஒரு கொசுவும் கடிக்காமலேயே அந்தக் காய்ச்சல் வந்திருக்கும்.

இது எப்படி என்று தெரிய வேண்டுமானால், மலேரியா மருந்துகளைப் பற்றி ஓர் அடிப்படை உண்மையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மலேரியாவைக் கொல்லும் மருந்து என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்த ஒட்டுண்ணி மனித உடலுக்குள் இடம் மாறுகிறது; இடத்துக்குத் தக்கபடி உருவமும் உணவும் வாழும் முறையும் மாறுகின்றன. ஒரு கட்டத்தில் அதைக் கொல்லும் மருந்து அடுத்த கட்டத்தில் அதைத் தொடுவதே இல்லை. ஆகவே ஒவ்வொரு மருந்தைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பதுதான்.

கடித்த நாளிலிருந்து

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டட வேலை செய்கிறார். இரவில் வேலையிடத்திலேயே படுக்கிறார். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு அவரைக் கடிக்கிறது. நகர்ப்புற மலேரியாவைப் பரப்புவது இந்தக் கொசுதான். அதன் உமிழ்நீரோடு சில பத்து ஒட்டுண்ணிகள் அவர் தோலுக்குள் இறங்குகின்றன. கதிர் போல நீண்டு மெலிந்த இவற்றுக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர்.

இவை ரத்தத்தில் தங்குவதில்லை. தோலிலிருந்து ரத்தக் குழாய்க்குள் நுழைந்தவை விரைவில் கல்லீரலை அடைந்து, அங்குள்ள செல்களுக்குள் புகுந்துவிடுகின்றன. அடுத்த ஒரு வாரம், அதற்குச் சற்று மேலும், அவை அங்கேயே பெருகுகின்றன. ஒரே ஒரு கல்லீரல் செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் புதிய ஒட்டுண்ணிகள் வெளிவரும். இவ்வளவு நடந்தும் நம் தொழிலாளிக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரத்தத்தை எடுத்து ஸ்லைடில் தடவிப் பார்த்தாலும் எதுவும் தென்படாது, ஏனென்றால் ரத்தத்தில் இன்னும் எதுவும் வரவில்லை.

கல்லீரலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவை ரத்தச் சிவப்பணுக்களைப் பிடிக்கின்றன. பணுவுக்குள் முதலில் மோதிர வடிவில் இருக்கும். பிறகு உண்டு பெருத்து, உள்ளுக்குள்ளேயே துண்டு துண்டாகப் பிரிந்து, பணுவைக் கிழித்து வெளியேறி, அடுத்த பணுக்களைத் தேடும். வைவாக்ஸிலும் ஃபால்சிபாரத்திலும் இந்தச் சுற்றுக்குச் சுமார் 48 மணி நேரம் ஆகிறது. ஏராளமான பணுக்கள் ஒரே வேளையில் கிழிபடும்போதுதான் உடல் நடுங்கிக் காய்ச்சல் ஏறுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தச் சுற்றின் கணக்கைத்தான். கொசு கடித்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, நம் தொழிலாளிக்கு முதல் நடுக்கம் வருகிறது.

குளோரோகுயின் எங்கே அடிக்கிறது?

சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு ஹீமோகுளோபின். அதைத் தன் உடலுக்குள் உள்ள அமிலம் நிறைந்த ஒரு பையில் போட்டுச் செரிக்கிறது. புரதத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது ஹீம் என்ற இரும்புள்ள பொருள். அது ஒட்டுண்ணிக்கே நஞ்சு. எனவே ஹீமைக் கரையாத படிகமாகக் கட்டி ஓரமாக ஒதுக்கிவைக்கிறது. மலேரியா ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் ஒட்டுண்ணியின் உள்ளே பழுப்பாகக் காணும் நிறமித் துகள்கள் இந்தப் படிகங்களே.

குளோரோகுயின் அந்த அமிலப் பைக்குள் போய்ச் சேர்ந்து, ஹீம் படிகமாவதைத் தடுக்கிறது. படிகமாகாத ஹீம் குவிந்து, ஒட்டுண்ணி தன் கழிவாலேயே சாகிறது. இதிலிருந்து இன்னொரு விஷயமும் புரிகிறது. ஹீமோகுளோபினைச் செரிக்காத ஒட்டுண்ணியிடம் குளோரோகுயினுக்கு வேலை இல்லை. கல்லீரலில் இருப்பது ஹீமோகுளோபினைச் சாப்பிடுவதில்லை. ஆகவே கல்லீரலில் உள்ள ஒட்டுண்ணி குளோரோகுயினால் சாவதில்லை. சின்கோனா பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட குயினைனும் இதே குடும்பத்து மருந்துதான். அதுவும் ரத்தத்தில் உள்ளதைத்தான் கொல்கிறது.

நம் தொழிலாளிக்கான அளவு இது: எடையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 25 மில்லிகிராம். அறுபது கிலோவுக்கு 1,500 மில்லிகிராம். 150 மில்லிகிராம் குளோரோகுயின் உள்ள மாத்திரையில் முதல் நாள் நான்கு, இரண்டாம் நாள் நான்கு, மூன்றாம் நாள் இரண்டு. இந்தியாவில் வைவாக்ஸ் ஒட்டுண்ணி இன்னமும் பெரும்பாலும் இந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது. அதனால் மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுகிறது. தவிர, குளோரோகுயின் உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். ஏறக்குறைய ஒரு மாதம் வரை ரத்தத்தில் அது காவல் இருக்கிறது. இந்தக் காவலின் பலன் பின்னால் தெரியும்.

கல்லீரலில் உறங்குபவை

கொசு இறக்கிய ஒட்டுண்ணிகள் எல்லாமே கல்லீரலில் உடனே பெருகத் தொடங்குவதில்லை. வைவாக்ஸிலும், ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் ஓவேல் வகையிலும், ஒரு பகுதி கல்லீரல் செல்லுக்குள் போனதும் வளராமல் அப்படியே ஒடுங்கிவிடுகிறது. இதற்கு ஹிப்னோசோயிட் என்று பெயர். பிரிவதில்லை, ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை. சில வாரம் கழித்தோ, சில மாதம் கழித்தோ ஒன்று விழித்து, அதன் பிறகு வழக்கம்போலப் பெருகி, ரத்தத்துக்கு இறங்குகிறது. வயலில் கோரையை அறுப்பவர்களுக்கு இது புதிதல்ல: மேலே எவ்வளவு சுத்தமாக அறுத்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும்.

வெப்ப மண்டலத்து வைவாக்ஸ் பொதுவாகச் சில வாரங்களிலேயே திரும்ப வருகிறது. குளிர் நாடுகளின் வைவாக்ஸ் எட்டு மாதம், ஒரு வருடம் கூட எடுத்துக்கொள்ளும். நம் தொழிலாளியின் கல்லீரலில் முதல் மாதமே ஒன்று விழித்தாலும், ரத்தத்துக்கு வந்ததும் அங்கே மிச்சமிருக்கும் குளோரோகுயின் அதைக் கொன்றுவிடும். மருந்தின் அளவு குறைந்த பிறகு விழிப்பதுதான் தப்பிப் பிழைக்கிறது. அதனால்தான் மறுகாய்ச்சல் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மாத இடைவெளியில் வந்து நிற்கிறது.

கல்லீரலில் உறங்குவதைக் கண்டுபிடிக்க மருத்துவமனைகளில் இன்றுவரை ஒரு பரிசோதனையும் இல்லை. ரத்தத்தில் அது இல்லை. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையிலும் தெரியாது. ஆகவே வைவாக்ஸ் என்று உறுதியான எல்லோருக்கும், அது உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மருந்து தரப்படுகிறது. அந்த மருந்துதான் பிரைமாகுயின்.

பிரைமாகுயினின் வரலாறு சற்று விசித்திரமானது. கொரியப் போரிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் படையினருக்கு, போர்க்களத்தை விட்டு வந்து வெகுநாள் கழித்து மலேரியா கண்டது. அவர்களுக்காகவே வேகமாகச் சோதிக்கப்பட்டு, 1952இல் அமெரிக்காவில் இந்த மருந்து அங்கீகாரம் பெற்றது. ஆனால் கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை நுண்ணோக்கியின் கீழ் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டது 1980களின் தொடக்கத்தில்தான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மருந்து எதைக் கொல்கிறது என்று யாரும் கண்ணால் பார்க்காமலே அது கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது.

ஒன்றுமே செய்யாமல் கிடக்கும் ஒட்டுண்ணியை எப்படிக் கொல்வது? அதன் செரிமானத்தைத் தடுக்க முடியாது, பிரிவதையும் தடுக்க முடியாது. பிரைமாகுயின் வேறு வழியில் வேலை செய்கிறது. மாத்திரையில் இருப்பது நேராகக் கொல்வதில்லை. சிபி2டி6 என்ற கல்லீரல் நொதி அதை வேறு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உண்டாக்கி ஒட்டுண்ணியை அரித்துக் கொல்கிறது என்பது இன்றைய புரிதல். சிலருக்குப் பிறப்பிலேயே இந்த நொதி மந்தமாக இருக்கும். அவர்கள் பதினான்கு நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டும் மறுகாய்ச்சல் வரலாம்.

நம் தொழிலாளிக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் தினமும் 15 மில்லிகிராம், பதினான்கு நாள். மொத்தம் 210 மில்லிகிராம். உறங்கும் ஒட்டுண்ணியை ஒழிப்பதில் மொத்த அளவுதான் முக்கியம் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஏழாம் நாளில் நிறுத்திவிட்டால் பாதி அளவுதான் உள்ளே போயிருக்கும். உறங்குபவற்றில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். காய்ச்சல் விட்ட பிறகும் பதினொரு நாள் ஒருவரை மாத்திரை சாப்பிட வைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய சிக்கல். அதற்கு விடையாக வந்தது டாஃபெனோகுயின். 2018இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பிரைமாகுயின் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். இது வாரக்கணக்கில் உடலில் நிற்கும். அதனால் ஒரே வேளை மருந்து போதும்.

குணமும் கெடுதலும் ஒரே இடத்திலிருந்து

ஆனால் உடலில் நெடுநாள் நிற்பதே ஓர் ஆபத்தும் ஆகலாம். ஒட்டுண்ணியைக் கொல்லும் அதே அரிப்பு நம் சிவப்பணுக்களையும் தாக்குகிறது. ஜி6பிடி என்ற நொதி பணுக்களைக் காப்பதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த நொதி பிறப்பிலேயே குறைவாக உள்ளவர்களுக்குப் பணுக்கள் உடைகின்றன. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடம் அதிகம் வெளிப்படும். மலேரியா பரவலாக இருந்த நாடுகளில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது, இந்தியாவிலும் உண்டு.

பணுக்கள் உடைவதைக் கண்டுகொள்ள வீட்டிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. சிறுநீர் கறுத்து, காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். கண் மஞ்சளாகலாம், முகம் வெளுக்கலாம், படியேறினால் மூச்சு வாங்கலாம். அப்போது செய்ய வேண்டியது மருந்தை உடனே நிறுத்தி மருத்துவரிடம் போவது. பிரைமாகுயின் என்றால் நிறுத்தியதும் உடலை விட்டுச் சீக்கிரம் போய்விடும். டாஃபெனோகுயின் சாப்பிட்டு முடித்த பிறகு நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் அதைத் தரும் முன் ஜி6பிடி நொதியின் அளவை எண்ணிக்கையாகக் காட்டும் பரிசோதனை கட்டாயம்.

நொதிக் குறை உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது: தினமும் தராமல், வாரம் ஒரு முறை கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம், எட்டு வாரம், மருத்துவர் கண்காணிப்பில். கர்ப்பிணிகளுக்குப் பிரைமாகுயின் தருவதே இல்லை. வயிற்றிலுள்ள குழந்தைக்கு அந்த நொதி இருக்கிறதா என்று தெரியாது. அவர்களுக்கு ரத்தத்தில் உள்ளதைக் குளோரோகுயினால் தீர்த்த பிறகு, பிரசவம் வரை வாரம் ஒரு முறை குளோரோகுயின் தரும் முறை உண்டு. கல்லீரலில் உறங்குவது உறங்கட்டும், விழித்து ரத்தத்துக்கு வந்தால் அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் கணக்கு.

ஃபால்சிபாரம்: வேறு கணக்கு

ஃபால்சிபாரம் வகைக்குக் கல்லீரலில் உறங்கும் வழக்கம் இல்லை. ஆனால் உயிரைப் பறிப்பதில் அதுதான் முதலிடம். வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் சிவப்பணுக்களை மட்டுமே பிடிக்கும்; அதனால் அதன் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஃபால்சிபாரம் எந்த வயதுப் பணுவையும் பிடிக்கும். கடுமையான நோயாளியின் உடலில் லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் வரை இருக்கலாம். அதோடு, அது தங்கிய பணுக்கள் முதிர்ந்ததும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. மூளையின் குழாய்களில் இப்படி அடைத்துக்கொள்வதே மூளை மலேரியா.

இங்கே முதல் ஆயுதம் ஆர்ட்டிமிசினின் குடும்பம். சீனாவில் 1967இல் தொடங்கிய 523 என்ற திட்டத்தில், தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய சீன மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தார். காய்ச்சலுக்கு ஒரு மூலிகையைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்று சொல்லியிருந்தது. சூடாக்கினால் மருந்து கெட்டுவிடுகிறது போலும் என்று யூகித்து, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971இல் அந்தச் சாறு விலங்குகளில் ஒட்டுண்ணியை முழுவதுமாக நீக்கியது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்ட்டிமிசினின் மூலக்கூறில் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் இணைந்த ஒரு பாலம் இருக்கிறது. ஹீமில் உள்ள இரும்பு பட்டதும் அது உடைந்து, சுற்றியுள்ள புரதங்களைச் சிதைக்கிறது. குளோரோகுயின், குயினைன் இரண்டும் ஒட்டுண்ணி ஓரளவு வளர்ந்து நன்றாகச் செரிக்கத் தொடங்கிய பிறகே நன்றாகப் பிடிக்கின்றன. ஆர்ட்டிமிசினினோ இளம் மோதிரப் பருவத்திலேயே பிடித்துவிடுகிறது. இந்த வேறுபாடு சாவுக்கும் பிழைப்புக்கும் இடையிலானது. மோதிரப் பருவத்தில் கொன்றுவிட்டால் அது முதிர்ந்து குழாய்ச் சுவரில் ஒட்டும் கட்டமே வராது. இந்தியாவும் வங்கதேசமும் மியான்மரும் இந்தோனேசியாவும் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. கடுமையான மலேரியாவில் குயினைன் ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தனர். ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களில் 15 சதவீதம். அதன் பிறகு கடும் மலேரியாவுக்கு முதல் மருந்து ஆர்ட்டிசுனேட் ஊசி என்றாகிவிட்டது.

ஆனால் இது உடலில் நிற்காத மருந்து. சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48 மணி நேரச் சுற்று ஒன்றுக்கு இது ஒட்டுண்ணிகளைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. லட்சம் கோடி ஒரு சுற்றில் பத்துக் கோடியாகும். அடுத்த சுற்றில் பத்தாயிரமாகும். மூன்று நாள் மருந்து இந்த இரண்டு சுற்றைத்தான் தொடுகிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்திருப்பார், ஸ்லைடில் ஒன்றும் தெரியாது. ஆனால் பத்தாயிரம் மிச்சம். ஒரு நாளோடு நிறுத்தினால் மிச்சம் பத்துக் கோடி. அவை மீண்டும் பெருகச் சில வாரம் போதும்.

மிச்சத்தைத் தீர்க்க, நெடுநாள் உடலில் நிற்கும் இன்னொரு மருந்து கூடவே தரப்படுகிறது. இதுதான் கூட்டு மருந்து முறை. துணைக்கு வரும் மருந்து வேறு கட்டத்தில், வேறு விதமாக அடிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசிய மருந்துக் கொள்கை, நாட்டின் பெரும்பகுதியில் ஆர்ட்டிசுனேட்டுக்குத் துணையாகச் சல்ஃபடாக்சின், பைரிமெத்தமின் ஜோடியை வைத்தது. ஒட்டுண்ணி துண்டுகளாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவைப் பெருக்க ஃபோலேட் தேவை. அது உருவாவதை இந்த ஜோடி இரண்டு படிகளில் தடுக்கிறது. ஆகவே இது அடிப்பது சுற்றின் பிற்பகுதியில். வடகிழக்கு மாநிலங்களில் இந்த ஜோடிக்கு ஒட்டுண்ணி பழகிவிட்டதால், அங்கே ஆர்ட்டிமீதர், லுமிஃபாண்ட்ரின் கூட்டுக்கு மாற்றினார்கள்.

மருந்துக்குப் பழகுவதிலும் கட்டங்களின் விளையாட்டு உண்டு. குளோரோகுயினுக்குப் பழகிய ஃபால்சிபாரம், அமிலப் பையின் சுவரிலுள்ள ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டு மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஆர்ட்டிமிசினினிடம் அது வேறு தந்திரம் செய்கிறது. கெல்ச்13 என்ற மரபணு மாறிய ஒட்டுண்ணி, மோதிரப் பருவத்தில் ஹீமோகுளோபினைக் குறைவாக உட்கொண்டு, வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கிறது. செரிமானம் குறைந்தால் இரும்பு குறைவு; இரும்பு குறைந்தால் மருந்து செயல்படாது. சில மணி நேரத்தில் மருந்து போனதும் மறுபடி வளர்கிறது. முதலில் மேற்குக் கம்போடியாவில் கண்ட இது, பிறகு ருவாண்டா, உகாண்டா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் தோன்றியிருக்கிறது. மூன்றாம் நாள் ஸ்லைடிலும் ஒட்டுண்ணி தெரிவது இதற்கான முதல் எச்சரிக்கை.

கொசுவுக்காகக் காத்திருக்கும் பிறை

ரத்தத்தில் சுற்றும் ஒட்டுண்ணிகளில் ஒரு சிறு பகுதி பெருகுவதை விட்டு, ஆணும் பெண்ணுமாக மாறுகிறது. இவற்றுக்குக் கேமிட்டோசைட் என்று பெயர். இவை நோயாளிக்கு ஒரு தொந்தரவும் செய்வதில்லை. கொசு வந்து உறிஞ்சிப் போவதற்காகக் காத்திருப்பவை. கொசுவின் வயிற்றில்தான் இவை கூடுகின்றன.

வைவாக்ஸின் கேமிட்டோசைட்டுகள் சீக்கிரம் உருவாகி, குளோரோகுயினுக்கே சாகின்றன. ஆனால் நோயாளி காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு வரும்முன்பே அவை ரத்தத்தில் இருக்கும்; அதற்குள் கொசு எடுத்துப் போயிருக்கலாம். ஃபால்சிபாரத்தின் கேமிட்டோசைட் முதிர்வதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். முதிர்ந்தது பிறை வடிவில் இருக்கும். அந்த வடிவம் ஸ்லைடில் தெரிந்தால் ஃபால்சிபாரம் என்று அடித்துச் சொல்லலாம். முதிர்ந்த பிறை ஹீமோகுளோபினைச் செரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டதால், செரிமானத்தை நம்பி அடிக்கும் மருந்துகள் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. குணமாகி வேலைக்குப் போன ஒருவர், தெரியாமலேயே சில வாரம் கொசுக்களுக்கு ஒட்டுண்ணியைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இங்கேயும் பிரைமாகுயின்தான் வருகிறது, ஆனால் வேறு வேலைக்கு. 2013ஆம் ஆண்டு கொள்கையின்படி, ஃபால்சிபாரம் நோயாளிக்கு இரண்டாம் நாள், கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், ஒரே வேளை. உலக சுகாதார நிறுவனம் 2012இல் 0.25 மில்லிகிராமே போதும் என்றது. இந்த ஒரு வேளை நோயாளியின் காய்ச்சலைக் குறைப்பதற்கானது அல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரவாமல் இருப்பதற்கானது. வைவாக்ஸுக்குப் பதினான்கு நாள், ஃபால்சிபாரத்துக்கு ஒரு நாள் என்று ஒரே மருந்தின் கணக்கு மாறுவது இதனால்தான்.

பயணம் போகிறவர்களின் மாத்திரை

மலேரியா உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். அதில் அட்டோவகுவோன், புரோகுவானில் கூட்டு மாத்திரையை ஊர் திரும்பி ஏழு நாளில் நிறுத்திவிடலாம். மெஃப்ளோகுயினையோ டாக்ஸிசைக்ளினையோ நான்கு வாரம் தொடர வேண்டும். காரணம் கட்டம்தான். அட்டோவகுவோன் கூட்டு, கல்லீரலில் பெருகிக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணியையே கொல்கிறது. கடைசி நாளில் கொசு கடித்திருந்தாலும், அந்த ஒட்டுண்ணி கல்லீரலில் இருக்கும் ஒரு வாரத்துக்குள் மருந்து அதைத் தீர்த்துவிடும். மற்ற இரண்டும் முக்கியமாக ரத்தத்தில்தான் வேலை செய்கின்றன; ஆகவே கல்லீரலிலிருந்து எல்லாம் வெளியே வந்து முடியும் வரை காவல் இருக்க வேண்டும். டாக்ஸிசைக்ளினை வீடு திரும்பி இரண்டாம் வாரம் நிறுத்தியவருக்கு மூன்றாம் வாரம் காய்ச்சல் வருவது இதனால் நேர்வதுதான்.

ஆனால் இந்த மூன்றில் எதுவுமே உறங்கும் வைவாக்ஸைத் தொடாது. எல்லா மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் திரும்பி வந்து பல மாதம் கழித்து வைவாக்ஸ் வரலாம். அதனால்தான் எந்தக் காய்ச்சலுக்கும் கடந்த ஓராண்டில் எங்கே போனீர்கள் என்று நல்ல மருத்துவர் கேட்கிறார்.

மறுபடி காய்ச்சல் வந்தால்

மலேரியா என்று ஒருமுறை உறுதியானவர் ரத்த அறிக்கையைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வது நல்லது. அதில் இரண்டு தகவல் இருக்கிறது: எந்த வகை, எந்தத் தேதி. கூடவே, எந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டோம் என்பதையும் குறித்துவைக்கலாம். மறுபடி காய்ச்சல் வந்தால், அந்தத் தேதியிலிருந்து நாளை எண்ணிப் பார்ப்பார் மருத்துவர். 28 நாளுக்குள் என்றால், ரத்தத்தில் இருந்ததே முழுக்கச் சாகவில்லை. மருந்து குறைவாகப் போயிருக்க வேண்டும், அல்லது ஒட்டுண்ணி அந்த மருந்துக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தது, வகையும் வைவாக்ஸ் என்றால், கல்லீரலில் இருந்தது விழித்திருக்கலாம், இல்லையேல் புதுக் கொசு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனையால் முடியாது. பதினான்கு நாள் மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டேன் என்று நோயாளி உறுதியாகச் சொல்ல முடிந்தால், மருத்துவர் மேற்கொண்டு எதைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்: எடைக்கு ஏற்ற அளவு கொடுக்கப்பட்டதா, கல்லீரல் நொதி மந்தமா, வீட்டு மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா.